மெஸ் பில்: சாப்பிடாத வேளைக்கு எப்போது காசு குறையும், எப்போது குறையாது

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில் உள்ள ஒரு கல்லூரி விடுதியில் மெஸ் கணக்கு பார்க்கிறேன். மாதம் முடிந்து பில் ஒட்டிய அன்று மாணவர்களும் பெற்றோரும் கேட்பதை, அவர்கள் கேட்கிற மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எங்களுடையது டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன செலவை, சாப்பிட்டவர்கள் பங்கு போட்டுக் கட்டுவது. ஒப்பந்தக்காரர் ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசி நடத்தும் மெஸ்ஸுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கூட்டிக் கழிக்க வசதியாக இருக்கட்டும் என்று நூறு பேர், 30 நாள் மாதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

"நான் அந்த நாலு நாளும் சாப்பிடவே இல்லையே சார், எதுக்குக் காசு?"

முன்கூட்டி எழுதிக் கொடுத்தாயா என்பதைப் பொறுத்து இருக்கிறது. எழுதிக் கொடுத்திருந்தால் அந்த நாலு நாளுக்கான சாப்பாட்டுக் காசு பில்லில் வந்திருக்காது. கொடுக்கவில்லை என்றால் உன் பங்கு அரிசி அண்டாவில் விழுந்தாயிற்று. நீ தட்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தச் செலவு ஆனதுதான்.

அதனால் எங்கள் பில் நீ சாப்பிட்டதற்குப் போடுவதில்லை, உனக்காகச் சமைக்கச் சொன்னதற்குப் போடுவது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே உள்ளதில் பாதிக்கு மேல் தானாகவே விளங்கிவிடும்.

"மொத்தச் செலவை நாளால வகுத்தா முடிஞ்சுது. இதுல என்ன பெரிய கணக்கு?"

பல விடுதிகளில் அப்படித்தான் வகுக்கிறார்கள். வகுத்தால் விடையும் வரும். ஆனால் வார இறுதிக்கு ஊருக்குப் போகாத பையன் தலையில் கூடுதல் காசு ஏறும். ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்போம்.

மாத ஆரம்பத்தில் ஸ்டோர் ரூமில் இருந்த சரக்கு 42,000 ரூபாய். மாதத்தில் வாங்கியது, அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், காஸ் எல்லாம் சேர்த்து 2,36,100. மாதக் கடைசியில் மீந்த சரக்கு 38,000. விருந்தினர் டோக்கனில் வந்தது 2,500. முதல் இரண்டையும் கூட்டி, பின் இரண்டையும் கழித்தால் 2,37,600 ரூபாய். இது சாப்பாட்டுச் செலவு.

இதைத் தவிர மாஸ்டர், உதவியாளர்கள், பாத்திரம் கழுவுபவர் சம்பளம், கரண்ட், சுத்தம் செய்யும் சாமான் எல்லாம் சேர்த்து 70,000. இது நிலைச் செலவு. நூறு பேர் சாப்பிட்டாலும் எழுபது பேர் சாப்பிட்டாலும் மாஸ்டர் சம்பளம் அதேதான்.

இரண்டையும் ஒரே குவியலாக்கி வகுப்பதில்தான் வம்பு. நீ ஊருக்குப் போனால் உன் பங்கு அரிசி மிச்சமாகிறது, மாஸ்டர் சம்பளம் மிச்சமாவதில்லை. அதனால் நாங்கள் நிலைச் செலவைத் தலைக்கு 700 ரூபாய் என்று எல்லோருக்கும் சமமாகப் போட்டுவிட்டு, சாப்பாட்டுச் செலவை மட்டும் பதிவான வேளைகளுக்கு, அதாவது வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லாத வேளைகளுக்கு, பங்கு போடுகிறோம்.

வேளைக்குப் புள்ளி வைத்திருக்கிறோம். காலைக்கு 3, மதியத்துக்கு 4, இரவுக்கு 3, ஆக ஒரு நாளைக்கு 10. நூறு பேர் முப்பது நாளும் இருந்தால் 30,000 புள்ளி. அந்த மாதம் முன்கூட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த வேளைகள் 3,600 புள்ளி. மீதி 26,400. 2,37,600-ஐ 26,400-ஆல் வகுத்தால் புள்ளிக்கு 9 ரூபாய்.

மாதம் முழுக்க விடுதியிலேயே இருந்த ஒருவனுக்கு 300 புள்ளி, 2,700 ரூபாய். நிலைச் செலவு 700 சேர்த்து 3,400.

அரூரிலிருந்து வந்து படிக்கும் இன்னொருவன் நாலு வாரமும் வெள்ளி இரவு கிளம்பி திங்கள் காலை நேரே வகுப்புக்கு வருகிறான். ஒரு வாரத்துக்கு வெள்ளி இரவு 3, சனி 10, ஞாயிறு 10, திங்கள் காலை 3, மொத்தம் 26 புள்ளி. நாலு வாரத்துக்கு 104. எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறான், ஆகவே அவனுக்கு 196 புள்ளி. 1,764 ரூபாயும் 700-ம் சேர்த்து 2,464.

இதையே ஒரே குவியலாக வகுத்துப் பார். 3,07,600-ஐ 26,400-ஆல் வகுத்தால் புள்ளிக்கு 11 ரூபாய் 65 காசு. ஊருக்குப் போகாதவனுக்கு 3,495, அரூர்க்காரனுக்கு 2,284. அதாவது ஊருக்குப் போனவனின் பங்குச் சம்பளத்தில் 180 ரூபாயை, போகாதவர்கள் சேர்ந்து கட்டுகிறார்கள். ஊருக்குப் போகாதவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பஸ் செலவுக்கு யோசிக்கிறவர்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

"ஒரு நாளுக்கு மூணு வேளை. அப்போ காலைக்கு மட்டும் ஏன் மூணு புள்ளி, மதியத்துக்கு நாலு?"

ஒரு வாரம் ஒவ்வொரு வேளைக்கும் ஸ்டோரிலிருந்து எடுத்ததைத் தனித்தனியாக எடை போட்டு, விலை போட்டுப் பார்த்தோம். மதியம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர் எல்லாம் சேரும்போது செலவு கூடுதல். காலையில் இட்லி, பொங்கல். இரவில் சப்பாத்தியோ தோசையோ, வாரத்தில் ஒரு நாள் களி. மாலை டீயும் சுண்டலும் இரவுக் கணக்கில் சேரும். விகிதம் கிட்டத்தட்ட மூன்று, நான்கு, மூன்று என்று வந்தது. காசு சுத்தமாகப் பார்த்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மாணவன் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்பதால் முழு எண்ணாக வைத்துக்கொண்டோம்.

மூன்றும் சமம் என்று வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? எல்லோரும் அதிகம் விடுவது காலைச் சாப்பாட்டைத்தான். எட்டே முக்கால் வரை தூங்கிவிட்டு நேரே வகுப்புக்குப் போகும் கூட்டம் எல்லா விடுதியிலும் உண்டு. மாதம் முழுக்கக் காலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவனுக்கு எங்கள் கணக்கில் 90 புள்ளி, அதாவது 810 ரூபாய் குறையும். மூன்றும் சமம் என்றால் நாளில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 900 ரூபாய் குறையும். அவன் மிச்சப்படுத்தாத 90 ரூபாய் அவனுக்குக் கிடைக்கும், மற்றவர்கள் கட்டுவார்கள்.

உங்கள் விடுதியில் காலைக்கு ரொட்டி, ஜாம் மட்டும் என்றால் இந்த விகிதம் மாறும். எங்கள் எண்ணை அப்படியே எடுக்காமல் ஒரு வாரம் தராசு வைத்துப் பாருங்கள்.

"முந்தின நாளே சொல்லணும்னா எப்படி சார்? திடீர்னு தானே கிளம்பறோம்!"

எல்லா வேளைக்கும் முந்தின நாள் இல்லை. சமையல் எப்போது தொடங்குகிறதோ அதை வைத்துத்தான் நேரம் குறித்திருக்கிறோம்.

காலை இட்லிக்கு அரிசியும் உளுந்தும் முந்தின நாள் மதியம் ஊறப் போடுகிறார்கள். சாயங்காலம் அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டும். ஊறப் போட்ட பிறகு நீ வேண்டாம் என்றால் மாஸ்டர் எதை எடுத்து வெளியே போடுவார்? அதனால் காலை வேண்டாம் என்று பதிவது முந்தின நாள் பகல் 12 மணியோடு முடியும். மதியச் சாப்பாட்டுக்குக் காய் விடியற்காலையில் வருகிறது, எவ்வளவு வேண்டும் என்று இரவே சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின இரவு 8 மணி. இரவுச் சாப்பாட்டுக்கு மாவு பிசைவது சாயங்காலம்தான் என்றாலும், தேங்காய், வெங்காயம், கீரை வாங்க ஆள் போவது மதியத்துக்கு முன்னால். அதற்கு அன்று காலை 11 மணி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போகிறவன் அன்று காலை 11 மணிக்குள் ஒரே தடவையில் வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை வேண்டாம் என்று பதிந்துவிடலாம். பஸ் டிக்கெட் பற்றி யோசிக்கிற நேரத்தில் இதையும் யோசித்தால் போதும்.

மழைக்கு விடுமுறை விடும் நாட்களில் மட்டும் தனி விதி. ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் பல நாள் காலையில்தான் அறிவிப்பார். அதற்குள் இட்லி வெந்துகொண்டிருக்கும், காயும் வந்திறங்கியிருக்கும். அன்று காலை, மதியம் இரண்டுக்கும் குறையாது. இரவிலிருந்து குறையும், அதுவும் 11 மணிக்குள் பதிந்தவர்களுக்கு.

"குறைஞ்சது மூணு நாள் தொடர்ந்து இல்லைன்னாதான் ரிடக்ஷன்னு என் அண்ணன் காலேஜ்ல சொல்றாங்க. இங்க மட்டும் எப்படி ஒரு வேளைக்கே?"

அந்த விதி நிறைய இடங்களில் இருக்கிறது. மூன்று நாள், சில இடத்தில் ஐந்து நாள். காரணம் நியாயம் இல்லை, நோட்டுதான். நூறு பேர், மூன்று வேளை, முப்பது நாள் என்றால் ஒன்பதாயிரம் கட்டம். அதைக் கையால் எழுதிக் கூட்ட ஆள் கிடையாது. அதனால் சின்னச் சின்ன விடுப்பையெல்லாம் ஒதுக்கிவிட்டார்கள்.

அதனால் யாருக்கு நஷ்டம் என்று பார். வாரம் தவறாமல் ஊருக்குப் போகும் அரூர்க்காரன் ஒருபோதும் மூன்று முழு நாள் தொடர்ந்து இல்லாமல் இருப்பதில்லை. வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலை வரை எண்ணினால் முழு நாள் இரண்டுதான். மாதத்தில் 104 புள்ளி விட்டும் ஒரு பைசா குறையாது. சென்னையிலிருந்து வந்தவன் ஒரே தடவையாக ஐந்து நாள் போய்விட்டு வந்தால் 50 புள்ளிக்குக் குறையும். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதகமான விதி அது. நோட்டுக்குப் பதில் ஷீட் வந்தபிறகும் அதை வைத்திருப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

"சொல்லாம விட்டவங்க காசு எங்க போகுது? மெஸ்ஸுக்கு லாபமா?"

நல்ல கேள்வி, வருடா வருடம் யாராவது ஒருவர் கேட்கிறார்.

டிவைடிங் சிஸ்டத்தில் மெஸ்ஸுக்கு லாபம் என்று ஒன்று கிடையாது. மிச்சமானால் மொத்தச் செலவு குறையும், புள்ளிக்கான விலை எல்லோருக்கும் இறங்கும். ஒரு வெள்ளிக்கிழமை இரவைப் பார். பதிவில் 88 பேர். வரிசையில் எடுத்த தட்டு 61. இருபத்தேழு பேர் சொல்லாமல் போயிருக்கிறார்கள். மாஸ்டர் சும்மா இருக்க மாட்டார். போன வெள்ளிக்கிழமைகளைப் பார்த்துவிட்டு 88 பேருக்குச் செய்யாமல் எழுபது பேருக்குத்தான் மாவு பிசைவார். ஆக 18 பேர் சாப்பாடு மிச்சம், ஒன்பது பேர் சாப்பாடு வீண். மிச்சமானது எல்லோருக்கும் பங்காகிறது, சொல்லாமல் போனவனுக்கும் சேர்த்து.

'அப்படின்னா சொல்லாதவனுக்கும் கடைசியில குறைச்சுட வேண்டியதுதானே, தட்டு எண்ணிக்கை இருக்கே' என்பார்கள். அந்த மாதம் சொல்லாமல் விட்ட வேளைகள் 1,900 புள்ளி என்று வை. எல்லாவற்றையும் கழித்தால் 26,400 என்பது 24,500 ஆகும். செலவு அதே 2,37,600. புள்ளிக்கு 9 ரூபாய் 70 காசு. மாதம் முழுக்க இருந்து சாப்பிட்டவனுக்கு 3,400-க்குப் பதில் 3,609. அவன் செய்த ஒரே காரியம் ஒழுங்காகச் சாப்பிட்டது. அதற்கு 209 ரூபாய் கூடுதல். அடுத்த மாதம் ஒருவரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், எப்படியும் கழித்துவிடுவார்களே என்று. மாஸ்டருக்கு எத்தனை பேருக்குச் சமைப்பது என்றே தெரியாமல் போய்விடும்.

"அப்போ தட்டு எண்றது எதுக்கு? பில்லுக்கு இல்லைன்னா அந்த பட்டனை ஏன் அழுத்தறீங்க?"

தட்டு எண்ணிக்கை சமையலறைக்கு, பதிவு பில்லுக்கு. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

தட்டு எடுக்கும் இடத்தில் பரிமாறுகிற அண்ணன் ஆளுக்கு ஒரு முறை கையில் உள்ள கவுன்டரை அழுத்துவார். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வேளை முடிந்ததும் பதிவு எத்தனை, தட்டு எத்தனை, மீந்த சோறு எத்தனை கிலோ என்று மூன்று எண்ணை பலகையில் எழுதுவார். எங்கள் அளவு மதியத்துக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி. இருபது பேர் சொல்லாமல் வராவிட்டால் மூன்று கிலோ அரிசி, அது வெந்தால் எட்டு கிலோவுக்குப் பக்கமாகச் சோறு. பலகையில் மீதம் எட்டு கிலோ என்று பார்க்கும்போது பையன்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். நோட்டீஸ் ஒட்டுவதைவிட அது வேலை செய்கிறது.

இந்த எண்கள் இன்னொன்றையும் காட்டிக் கொடுக்கும். பதிவைவிடத் தட்டு அதிகமாக இருந்தால், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு யாரோ சாப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். சமமாக இருந்தால் இல்லை என்று அர்த்தமில்லை, சொல்லாமல் வராதவர்கள் அதை மறைத்துவிடுவார்கள். அதனால் அன்று வேண்டாம் என்றவர்களின் விடுதி எண் மட்டும் ஒரு தாளில் கவுன்டர் பக்கத்தில் இருக்கும். அந்த எண்ணில் ஒருவன் வந்தால் திருப்பி அனுப்புவதில்லை. பசியோடு வந்தவனை அனுப்பவா முடியும்? விருந்தினர் டோக்கன் வாங்கிச் சாப்பிடலாம். டோக்கன் விலை பதிவு விலையைவிட வேண்டுமென்றே கூடுதலாக வைத்திருக்கிறோம்.

"கைரேகை மெஷின் வச்சா எல்லாம் சரியாயிடுமே?"

வந்து சாப்பிட்டவனை அது குறிக்கும். நமக்கு வேண்டியது வரப் போகாதவன் யார் என்று முந்தின நாளே தெரிவது. அதை எந்த மெஷினும் சொல்லாது. அதுபோக, கை கழுவிவிட்டு ஈர விரலோடு வைத்தால் எடுக்காது, வரிசை வாசல் தாண்டிப் போகும். இருக்கிற காசுக்கு நல்ல தராசு வாங்கலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. விடுதி வருகைப் பதிவேடு வேறு, மெஸ் பதிவு வேறு. இரவு ஒன்பதரைக்கு வார்டன் தலை எண்ணும்போது நீ அறையில் இருந்தாய் என்பது நீ சாப்பிட்டாய் என்பதற்குச் சான்று ஆகாது. கேட்டில் வெளியே போவதாகக் கையெழுத்து போட்டதும் மெஸ் ரிடக்ஷன் ஆகாது. இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

"நீங்க எதுல பதியறீங்க? எங்க ஹாஸ்டலுக்கும் அதே மாதிரி போட்டுக்கலாமா?"

கூகுள் ஃபார்ம், அதன் பின்னால் ஒரு ஷீட். ஃபார்மில் விடுதி எண், தேதி, வேளை. விடுதி எண்ணைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். எண்ணுக்குப் பின்னால் ஒரு காலி இடம் விழுந்தாலும் கூட்டலில் அந்த வரி சேராது, அவன் பில் குறையாது, சண்டை வரும். நெட் கிடைக்காதவர்களுக்கு மெஸ் வாசலில் ஒரு நோட்டும் உண்டு. மெஸ் செக்ரட்டரி அன்றன்றே அதை ஷீட்டில் ஏற்றுவார்.

ஃபார்ம் தானாகப் போடும் `Timestamp` நெடுவரிசைதான் நேரத்துக்குச் சான்று. நேரத்துக்குள் வந்ததற்கு `OK` என்று குறிப்போம். மாதத்துக்கு ஒரு `Leave` தாள், ஒரு `Bill` தாள். `Leave` தாளில் நம் வசதிக்கு B-யில் விடுதி எண், D-யில் புள்ளி, E-யில் நிலை என்று அடுக்கியிருக்கிறோம். `Bill` தாளில் A விடுதி எண், B மாதத்தின் முழுப் புள்ளி.

```
C2: =SUMIFS(Leave!D:D, Leave!B:B, A2, Leave!E:E, "OK")
D2: =B2-C2
H1: 700
H2: =237600/SUM(D2:D101)
E2: =ROUND($H$1 + D2*$H$2, 0)
```

இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு, ஒரே வேளையை ஒருவன் இரண்டு தடவை பதிவது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை தட்டிவிடுவான். அவனுக்கு இரண்டு மடங்கு குறைந்துவிடும். விடுதி எண், தேதி, வேளை மூன்றும் ஒத்துப்போகும் வரிகள் இருக்கின்றனவா என்று பில் போடும் முன் பார்க்க வேண்டும். கண்ணால் பிடிக்க ஒரு வழி, ஒருவனுடைய கழிவுப் புள்ளி மாதத்தின் 300-ஐத் தாண்டியிருந்தாலோ, வார இறுதிக்கு மட்டும் போகிறவனுக்கு நூறைச் சுற்றி இல்லாமல் இருநூறு வந்தாலோ அங்கே இரட்டைப் பதிவு இருக்கும்.

"பொண்ணுக்குக் காய்ச்சல் சார், ஹாஸ்டல்ல கஞ்சிதான் குடிச்சா. அதுக்கும் முழு பில்லா?"

கஞ்சி, ரசம் சாதம் மெஸ்ஸிலிருந்தே கொடுக்கிறோம், அதற்குத் தனிக் கணக்கு வைப்பதில்லை, முழு வேளைதான். வீட்டுக்குக் கூட்டிப் போனீர்கள் என்றால் அடுத்து பதிவு முடியாத வேளையிலிருந்து குறையும். வீட்டில் துக்கம் என்று ராத்திரி கிளம்புகிறவனுக்கு மட்டும் நேரம் பார்ப்பதில்லை, கிளம்பிய வேளையிலிருந்தே குறைத்துவிடுவோம். அந்தக் காசு மற்றவர்கள் தலையில் விழும் என்று தெரியும். மாதத்தில் அப்படி ஓரிரண்டுதான் வரும், ஒருவரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

"மாசம் முழுக்க ஊர்லதான் இருந்தான். அதுக்கும் 700 கட்டணுமா?"

இடத்தை வைத்துக்கொண்டிருக்கிறான் என்றால் கட்ட வேண்டும். அவன் திரும்பி வரும் நாளில் மாஸ்டர் இருக்க வேண்டும் அல்லவா. அறையைக் காலி செய்து எழுதிக் கொடுத்தால் வேண்டாம். மாத நடுவில் சேர்பவருக்கும் விலகுபவருக்கும் இருக்கும் நாளுக்கு ஏற்பப் பிரித்துப் போடுகிறோம்.

பொங்கல், தீபாவளி, செமஸ்டர் விடுமுறையில் பதிவு 25 பேருக்குக் கீழே போனால் மெஸ்ஸை மூடிவிடுவோம். அதற்குக் கீழே சமைத்தால் ஒருவர் சாப்பாட்டுக்கு ஆகும் காஸும் எண்ணெயும் எகிறிவிடும்.

"சிக்கன் சாப்பிடாதவங்களும் சிக்கன் காசு கட்டறாங்களா? களி பிடிக்காதவங்க?"

ஞாயிறு சிக்கன் தனி டோக்கன், பொதுச் செலவில் ஏறாது. சனி சாயங்காலம் டோக்கன் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கறிக்கடையில் சொல்லுவோம். முட்டையும் அப்படியே.

களி பொதுச் சாப்பாடு. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போடும் புதன் இரவு, பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு உருண்டை கேட்பார்கள். நகரத்துப் பிள்ளைகள் சிலர் வாசலோடு திரும்பிப் போவார்கள். பிடிக்காவிட்டால் காலை 11 மணிக்குள் பதிந்துவிடு, 27 ரூபாய் மிச்சம். வாசலில் வந்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போவதற்கு ரிடக்ஷன் கிடையாது. களி மாவு அளந்து போடுவது, கிண்டிய பிறகு மறுநாளைக்கு ஆகாது.

"போன மாசம் 3,400, இந்த மாசம் 3,750. எல்லா மாசமும் இருந்தது ஒரே மாதிரிதான். எப்படி ஏறுச்சு?"

முதலில் தக்காளி, வெங்காயம், எண்ணெய் விலையைப் பார். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி ஏறினால் எங்கள் பில்லில் அந்த மாதமே தெரியும். அதற்குப் பிறகு எத்தனை புள்ளி பதிவானது என்று பார். விடுமுறை அதிகமான மாதத்தில் பதிவு குறையும், எண்ணெய் ஊற்றுவது அதே விகிதத்தில் குறையாது.

இரண்டும் இல்லை என்றால் மாதக் கடைசி ஸ்டாக்கைப் பார்க்க வேண்டும். யாரும் பார்க்காத இடம் அது. மேலே சொன்ன கணக்கில் மீந்த சரக்கு 38,000 என்று எழுதினோம். அதையே அவசரத்தில் கண்மதிப்பாக 18,000 என்று எழுதினால், சாப்பாட்டுச் செலவு 20,000 ரூபாய் ஏறிவிடும். புள்ளிக்கு 76 காசு, முழு மாதம் இருந்தவனுக்கு சுமார் 227 ரூபாய் கூடுதல். திருட்டு ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சரக்கு ஸ்டோரில்தான் இருக்கிறது, அடுத்த மாதம் இலவசமாக வந்த மாதிரி கணக்கில் புகுந்து அப்போது பில் அதே அளவு இறங்கும். ஒரு மாதம் ஏறி அடுத்த மாதம் இறங்கினால் ஸ்டாக் எடுத்ததில் தப்பு என்று சந்தேகப்படலாம்.

இரண்டு மாதமும் இருப்பவனுக்கு அது சரியாகிவிடும். இறுதியாண்டு மாணவனுக்கு ஆகாது. கடைசி மாத பில்லைக் கட்டிவிட்டுப் போய்விடுவான், அவன் காசில் வாங்கிய அரிசியை அடுத்த மாதம் ஜூனியர்கள் சாப்பிடுவார்கள். அதனால் எங்கள் விடுதியில் மாதக் கடைசி இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டோரை எடை போடும்போது இரண்டு மாணவர்கள் கூட நிற்பார்கள். அதில் ஒருவர் இறுதியாண்டு. திறந்த மூட்டையையும் தராசில் வைக்க வேண்டும், அரை மூட்டை என்று எழுதக் கூடாது. எண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்த்து மதிப்பு சொல்வதும் கூடாது. விலை, கடைசியாக வாங்கிய பில்லில் உள்ள விலை.

"அரசு நல விடுதியில் இருக்கேன். எனக்கும் இதே கணக்கா?"

இல்லை. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் மாணவர் சாப்பாட்டுக்குக் காசு கட்டுவதில்லை. மாணவருக்கு இவ்வளவு என்று அரசு உணவுப்படி கொடுக்கிறது. அங்கே வருகைப் பதிவு சரியாக இருக்க வேண்டிய காரணம் வேறு. ஊருக்குப் போனவரையும் இருந்ததாக எழுதினால் இல்லாதவர் பெயரில் படி எடுத்ததாக ஆகும்.

"பில்லுல தப்பு இருந்தா யார்கிட்ட சொல்லணும்?"

ஒட்டிய மூன்று நாளுக்குள் மெஸ் செக்ரட்டரியிடம். 'அதிகமா இருக்கு' என்று சொல்லாதே, எந்தத் தேதி எந்த வேளை கழியவில்லை என்று சொல். ஃபார்ம் அனுப்பியதும் வரும் மெயிலை அழிக்காமல் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். தப்பு எங்கள் பக்கம் என்றால் அந்த மாத விலையை மறுபடி எல்லோருக்கும் மாற்றுவதில்லை, உனக்கு வரவேண்டியது அடுத்த மாத பில்லில் கழியும். இறுதியாண்டு என்றால் முன்பணத்தைத் திருப்பித் தரும்போது சேர்த்துக் கொடுப்போம்.